பத்து ரூபாய் யூனிட்டும் 412 ரூபாய் யூனிட்டும்

"சார், நான் பள்ளி ஆசிரியை. டிசம்பரிலிருந்து ஒரு ஈக்விட்டி ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறேன். முதல் ஸ்டேட்மென்ட் இப்போதுதான் வந்தது. அதில் NAV என்று மாதத்துக்கு ஒரு எண், கடைசியில் இன்னொரு எண். 5,000 கட்டினால் 4,999.75 என்று போட்டிருக்கிறார்கள். ஜனவரி 5-ம் தேதி போக வேண்டிய தவணைக்கு 7-ம் தேதி என்று இருக்கிறது. 412 ரூபாய்க்கு வாங்கியது இப்போது 371 என்கிறது. எங்கள் பள்ளியிலேயே இன்னொருவர், 'உன் ஃபண்டு விலை ஏறிப் போய்விட்டது, அதை விற்றுவிட்டுப் புதிதாக 10 ரூபாய்க்கு வருகிற ஃபண்டில் போடு' என்கிறார். செய்யலாமா? ஸ்டேட்மென்ட் நகலை இணைத்திருக்கிறேன்."
— வாசகி, கும்பகோணம்

விற்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காக நிச்சயமாக வேண்டாம். ஏன் என்பது உங்கள் கையில் இருக்கும் அந்த ஸ்டேட்மென்ட்டிலேயே இருக்கிறது, அதை வைத்தே பார்த்துவிடலாம். நீங்கள் அனுப்பிய நகலில் முக்கியமான வரிகள் இவைதான்:

```
05-Dec-2024   SIP   4,999.75   412.35   12.125   12.125
07-Jan-2025   SIP   4,999.75   398.60   12.543   24.668
05-Feb-2025   SIP   4,999.75   395.10   12.654   37.322

Closing Unit Balance: 37.322   NAV on 28-Feb-2025: INR 371.20
Market Value: INR 13,853.93
```

ஒவ்வொரு வரியிலும் தேதிக்கு அடுத்து வருவது பணம், அதற்கடுத்து அன்றைய என்.ஏ.வி., பிறகு அந்த மாதம் உங்களுக்குக் கிடைத்த யூனிட், கடைசியில் அதுவரை சேர்ந்த மொத்த யூனிட்.

நகைக்கடையில் மாதச் சீட்டு கட்டியிருக்கிறீர்களா? சில கடைகளில் கட்டுகிற பணத்தை அன்றன்றைய விலைக்குக் கிராமாக மாற்றி அட்டையில் வரவு வைப்பார்கள். தங்கம் ஏறியிருந்தால் அந்த மாதம் கொஞ்சம் குறைவான மில்லிகிராம், இறங்கியிருந்தால் கொஞ்சம் அதிகம். உங்கள் ஸ்டேட்மென்ட்டும் அந்த அட்டை மாதிரிதான். யூனிட் என்பது கிராம். என்.ஏ.வி. என்பது அன்றைய விலை. டிசம்பரில் 4,999.75-ஐ 412.35-ஆல் வகுத்தால் 12.125 வரும், அதுதான் வரவாகியிருக்கிறது. பிப்ரவரியில் என்.ஏ.வி. இறங்கியிருந்ததால் அதே பணத்துக்கு 12.654 யூனிட் வந்திருக்கிறது. மூன்று வரியையும் ஒரு கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு தடவை கையால் வகுத்துப் பார்த்தவர்களுக்கு அப்புறம் ஸ்டேட்மென்ட் மிரட்டுவதில்லை.

இதில் உங்களுக்கு உண்மையில் சொந்தமானது 37.322 என்ற அந்த எண். நீங்கள் மேலும் வாங்காமலோ விற்காமலோ அது மாறாது. மாதவாரியாக இருக்கும் மூன்று என்.ஏ.வி.யும் நடந்து முடிந்த விலைகள், அவையும் இனி மாறா. கடைசி வரியில் இருக்கும் 371.20 மட்டும் பிப்ரவரி 28 அன்றைய விலை. அடுத்த வேலைநாளே அது வேறாகிவிட்டிருக்கும். 37.322-ஐ 371.20-ஆல் பெருக்கினால் 13,853.93. யூனிட் வாங்கப் போன பணம் 14,999.25. ஆக அன்றைய தேதிக்கு 1,145 ரூபாய் குறைவு. இதை மறைக்கவோ மெழுகவோ ஒன்றுமில்லை. அந்த மூன்று மாதத்தில் பங்குச்சந்தையே நன்றாக இறங்கியது, உங்கள் ஃபண்டும் கூடவே இறங்கியது.

ஆனால் நீங்கள் 412-ஐயும் 371-ஐயும் மட்டும் எடுத்துக் கழித்து, யூனிட்டுக்கு 41 ரூபாய் போச்சே என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். எல்லா யூனிட்டையும் 412-க்கு வாங்கவில்லையே! 14,999.25-ஐ 37.322-ஆல் வகுங்கள், 401.89 வரும். அதுதான் உங்கள் சராசரி வாங்கிய விலை. 371.20-ஐ அதோடு ஒப்பிட வேண்டும்.

இப்போது இந்த விலை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உங்களோடு வேலை பார்ப்பவர் சொன்னதில் இருக்கிற தவறு இங்கேதான் பிடிபடும். என்.ஏ.வி. என்றால் நிகரச் சொத்து மதிப்பு. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு ஃபண்டை எளிய எண்களோடு எடுத்துக்கொள்வோம். அதனிடம் இருக்கும் பங்குகளை அன்று மாலைச் சந்தை முடிந்த விலையில் கூட்டினால் 985 கோடி ரூபாய். கையிருப்பும் குறுகிய காலத்துக்குப் போட்டு வைத்த பணமும் 18 கோடி. வர வேண்டிய டிவிடெண்ட் 1 கோடி. மொத்தம் 1,004 கோடி. இதில் கொடுக்க வேண்டியவை, அதாவது நிர்வாகச் செலவு போன்ற பாக்கிகள், 4 கோடி. கழித்தால் 1,000 கோடி. அந்த ஃபண்டில் எல்லோரிடமும் சேர்த்து இரண்டரைக் கோடி யூனிட்கள் இருக்கின்றன. 1,000 கோடியை இரண்டரைக் கோடியால் வகுத்தால் 400. அன்றைய என்.ஏ.வி. அவ்வளவுதான்.

மறுநாள் புதிதாகச் சிலர் 4 கோடி ரூபாய் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று வையுங்கள். சந்தை அசையவில்லை. அவர்களுக்கு 400 ரூபாய் வீதம் ஒரு லட்சம் யூனிட் புதிதாகக் கொடுப்பார்கள். இப்போது சொத்து 1,004 கோடி, யூனிட் 2.51 கோடி. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 400. எத்தனை பேர் வந்து வாங்கினாலும் அதனால் என்.ஏ.வி. ஏறாது. தங்க உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தங்கமோ ஒரு நிறுவனத்தின் பங்கோ, கேட்பவர் அதிகமானால் விலை ஏறும், ஏறிய விலை நியாயமா என்ற கேள்வியும் எழும். உங்களைப் போன்றோர் வாங்கும் சாதாரண ஃபண்டில் யூனிட்டுக்கு அப்படித் தட்டுப்பாடே கிடையாது. கேட்கக் கேட்கப் புது யூனிட் உருவாகும். ஆகவே 412 என்பது 'ஏறிப்போன விலை' அல்ல. உள்ளே இருக்கும் பங்குகளின் மதிப்பை யூனிட் எண்ணிக்கையால் வகுத்த விடை, அவ்வளவே. அந்தப் பங்குகள் விலை ஏறிக் கிடக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதற்கு என்.ஏ.வி.யில் பதில் கிடையாது.

அப்படியானால் ஏன் ஒன்று 412, இன்னொன்று 10? பெரும்பாலும் வயதுதான். இந்தியாவில் புது ஃபண்டு வழக்கமாக யூனிட் 10 ரூபாய் என்றுதான் தொடங்கும். உங்கள் ஃபண்டும் ஒரு காலத்தில் அப்படி 10 ரூபாயில் பிறந்ததுதான், பல வருடங்கள் ஓடி 400-க்கு வந்திருக்கிறது. புதிய ஃபண்டு இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. அதன் மேலாளரும் நாளைக்கு அதே தேசியப் பங்குச்சந்தையில், அதே விலைக்குத்தான் பங்கு வாங்கப் போகிறார். பத்து ரூபாய் யூனிட் என்பதற்காக யாரும் அவருக்கு மலிவாகக் கொடுக்க மாட்டார்கள்.

கணக்காகவே பார்த்துவிடுங்கள். 5,000 ரூபாய்க்கு 400 ரூபாய் ஃபண்டில் பன்னிரண்டரை யூனிட், 10 ரூபாய் ஃபண்டில் 500 யூனிட். இரண்டும் ஒரே மாதிரிப் பங்குகளை வைத்திருந்து, அவை 8 சதவீதம் ஏறினால் முதலாவது 432 ஆகும், இரண்டாவது 10.80 ஆகும். பன்னிரண்டரையை 432-ஆல் பெருக்கினாலும் 5,400. 500-ஐ 10.80-ஆல் பெருக்கினாலும் 5,400. பவுன் விலை கூடுதல், கிராம் விலை குறைவு, அதனால் கிராமாக வாங்கிக்கொள்கிறேன் என்று யாராவது நகைக்கடையில் சொல்வார்களா?

நான் இதை மேடை ஏறிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே '10 ரூபாய்க்கு நிறைய யூனிட் வருகிறதே' என்று ஒரு புது ஃபண்டில் போட்டவன்தான். அது 6 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கியபோதுதான், மலிவாக வாங்கியது மேலும் மலிவாகும் என்று புரிந்தது. புது ஃபண்டு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே எங்கும் இல்லாத ஒன்றை அது செய்தால் யோசிக்கலாம். 10 ரூபாய் என்பது மட்டும் ஒரு காரணமாகாது.

அதோடு மாறுவதற்கு ஒரு செலவும் உண்டு. ஈக்விட்டி ஃபண்டுகள் பலவற்றில் வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்றால் 1 சதவீதம் 'எக்ஸிட் லோடு' பிடிப்பார்கள். இது ஃபண்டுக்கு ஃபண்டு மாறும், உங்களுடையதில் எவ்வளவு என்று ஸ்டேட்மென்ட்டிலேயே ஃபண்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். 1 சதவீதம் என்றால் 371.20 என்ற விலை உங்கள் கைக்கு 367.49 ஆகத்தான் வரும். மொத்தத்தில் 138 ரூபாய் சொச்சம், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு வரலாம். ஒரே ஃபண்டு, ஒரே பெயர், ஆனால் ஆப்பில் ஒரு என்.ஏ.வி., ஸ்டேட்மென்ட்டில் இன்னொன்று. என்னைத் தேடி வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். ஃபண்டின் பெயருக்குப் பின்னால் வருகிற வால் பகுதியைப் படியுங்கள். உங்களுடையது 'ரெகுலர் பிளான் – குரோத்'. அதே ஃபண்டுக்கு 'டைரக்ட் பிளான்' ஒன்றும் இருக்கும். 2013 ஜனவரியில் இருந்து எல்லா ஃபண்டுகளிலும் இந்த இரண்டும் தனித்தனியாக உண்டு. இடையில் விநியோகஸ்தர் இல்லாததால் டைரக்டில் செலவு குறைவு. அந்த மிச்சம் நாள்தோறும் சேர்ந்து சேர்ந்து அதன் என்.ஏ.வி. ரெகுலரைவிட உயரமாக இருக்கும். உயரமாக இருப்பதால் அது 'காஸ்ட்லி' என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். உண்மை நேர்மாறு.

அந்தச் செலவு ஸ்டேட்மென்ட்டில் பரிவர்த்தனை வரியாக எங்கும் வராது. அது என்.ஏ.வி. கணக்கிடும்போதே கழிந்துவிடுகிறது. மேலே 4 கோடி பாக்கி என்று கழித்தோமே, அதில்தான் இருக்கிறது. வருடத்துக்கு 1.8 சதவீதம் செலவு என்று வைத்தால், 400 ரூபாய் யூனிட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு பைசா. உங்கள் 37 யூனிட்டுக்கும் சேர்த்து முக்கால் ரூபாய்கூட இல்லை. சின்னதாகத் தெரியும், ஆனால் வருடம் முழுக்கப் போகிறது, யூனிட் பெருகப் பெருகத் தொகையும் பெருகும். நீங்கள் பார்க்கும் 371.20 இதெல்லாம் போக மீதி என்பதை நினைவில் வைத்தால் போதும்.

வாலில் 'குரோத்' என்பதற்குப் பதிலாக 'ஐ.டி.சி.டபிள்யூ.' என்று இருந்தால் அது முன்பு டிவிடெண்ட் என்று அழைக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் பெயரை மாற்றினார்கள். அதில் யூனிட்டுக்கு 5 ரூபாய் கொடுத்தால் என்.ஏ.வி.யும் 5 ரூபாய் இறங்கும், உங்கள் பணத்தில் இருந்தே எடுத்து உங்களுக்குக் கொடுப்பதுதான். அவ்வப்போது இப்படி இறங்குவதால் அந்தப் பிரிவின் என்.ஏ.வி. எப்போதும் குறைவாகவே தெரியும். அதைப் பார்த்தும் மலிவு என்று ஏமாறுபவர்கள் உண்டு.

25 பைசா விஷயத்துக்கு வருகிறேன். அது முத்திரைத்தாள் வரி. 2020 ஜூலை 1 முதல் மியூச்சுவல் ஃபண்டு வாங்கும் ஒவ்வொரு தடவையும் 0.005 சதவீதம் பிடிக்கிறார்கள். 5,000-க்கு 25 பைசா. மீதி 4,999.75-க்குத்தான் யூனிட். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எல்லா மாதத்து 4,999.75-ஐயும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'வித்தியாசத்துக்கு விளக்கம் தேவை' என்று எழுதிக் கொண்டுவந்தார். அப்படிப் படிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நீங்களும் கேட்டது நல்லதுதான்.

ஜனவரி 5 கதை கொஞ்சம் கவனிக்க வேண்டியது. அந்த வருடம் ஜனவரி 5 ஞாயிற்றுக்கிழமை. அன்று சந்தையும் இல்லை, என்.ஏ.வி.யும் இல்லை. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து திங்கள் 6-ம் தேதி பணம் போயிருக்கிறது, உங்கள் பாஸ்புக்கிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஃபண்டின் கணக்கில் அது பயன்படுத்தும் நிலையில் சேர்ந்தது செவ்வாய் 7-ம் தேதி. 2021 பிப்ரவரி 1 முதல் விதி இதுதான்: நீங்கள் விண்ணப்பித்த நாள் எதுவானாலும், பணம் ஃபண்டின் கைக்கு எந்த நாளில் பிற்பகல் 3 மணிக்குள் வந்து சேர்கிறதோ அந்த நாள் என்.ஏ.வி. ஈக்விட்டி ஃபண்டுக்கு இது. மூன்று மணி தாண்டினால் அடுத்த வேலைநாளின் விலை.

மூன்று மணி எதற்கு என்று கேட்டால், சந்தை முடிவது மூன்றரைக்கு. அன்றைய முடிவு விலைகளை வைத்துக் கணக்கிட்டு இரவுதான் என்.ஏ.வி. வெளியாகும். ஆகவே வாங்குகிற யாருக்கும் வாங்கும் நேரத்தில் தன் விலை தெரியாது. தெரிந்தால், ஏறிய நாளில் பழைய விலைக்கு வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் லாபத்தைச் சிலர் அள்ளிப் போய்விடுவார்கள். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் யு.டி.ஐ.யின் யூ.எஸ்.-64 பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1964-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் என்.ஏ.வி.யோடு கட்டப்படாமல், நிறுவனமே அறிவிக்கும் விலையாக இருந்தது. உள்ளே இருந்த சொத்தின் மதிப்பு அறிவித்த விலைக்குக் கீழே போய், 2001 ஜூலையில் யூனிட் வாங்குவதையும் திருப்பித் தருவதையும் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. தினமும் மாறும் அந்த எண் எரிச்சலாக இருக்கலாம், ஆனால் அது மாறாமல் நின்றால்தான் நான் கவலைப்படுவேன்.

உங்கள் வரிகளில் இருக்கும் என்.ஏ.வி. சரிதானா என்று நீங்களே பார்க்க முடியும். ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் amfiindia.com தளத்தில் பழைய தேதிகளின் என்.ஏ.வி.யும் கிடைக்கும். ஃபண்டின் பெயரை வால் உட்படச் சரியாகத் தேர்ந்தெடுத்து, 07-Jan-2025 என்ற தேதியைக் கொடுங்கள். அங்கே வரும் எண்ணும் ஸ்டேட்மென்ட் எண்ணும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பிறகு பாஸ்புக்கில் பணம் போன தேதிக்கும் யூனிட் வந்த தேதிக்கும் எத்தனை வேலைநாள் இடைவெளி என்று பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடுங்கள். நான்கு, ஐந்து நாள் ஆகியிருந்தால் ஃபோலியோ எண்ணையும் பாஸ்புக் வரியையும் சேர்த்து ஃபண்டு நிறுவனத்துக்கு மெயில் போட்டு, பணம் எந்த நாள் வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். பணம் போயும் யூனிட்டே வராமல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே கேட்க வேண்டும்.

அடுத்த ஸ்டேட்மென்ட்டில் முதலில் என்.ஏ.வி.யைத் தேடாதீர்கள். மேலே 'Opening Unit Balance' என்று ஒரு வரி இருக்கும். அது 37.322 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே மார்ச் தவணை ஒரு வரியாக ஏறியிருக்கும். அங்கேயும் தேதிக்கு அடுத்து 4,999.75 என்றுதான் இருக்கும். இந்தத் தடவை எத்தனை யூனிட் வந்தது என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.